பழமொழியில் தொடங்குவதா, நேரே தொடங்குவதா: அறிமுக உரையின் முதல் அரை நிமிடம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தின் ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினரை அவைக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு சென்ற ஆண்டு எனக்கு வந்தது. விருந்தினர் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; காசிமேட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மாலைதோறும் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுப்பவர். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே இரண்டரை நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். மேடையில் நான் பேசும் வேகத்துக்கு அது இருநூற்றைம்பது சொற்களைத் தாண்டாது. அந்த இருநூற்றைம்பதில் முதல் முப்பது நாற்பது சொற்களை ஒரு பழமொழிக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்தப் பழமொழிக்கு, எந்த விதத்தில் என்று மூன்று மாலைகள் எழுதியும் அடித்தும் பார்த்தேன். அப்போது என் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

அறிமுக உரை விழாவில் எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, வரவேற்புரை முடிந்து, தலைமையுரையும் முடிந்த பிறகே அறிமுகம் செய்பவர் மைக்கின் முன் வருகிறார். அதற்குள் அவை குறைந்தது இரண்டு பழமொழிகளையும் ஒரு குறளையும் கேட்டிருக்கும். எனக்கு ஒருமுறை இப்படி நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அறிமுகப்படுத்த ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதை வீட்டிலிருந்தே தயார் செய்து சென்றேன். எனக்கு முன்னால் பேசிய தலைவர் அதே பழமொழியை அதே ஆசிரியருக்குச் சூட்டிவிட்டு அமர்ந்தார். கையிலிருந்த தாளில் முதல் பத்தி செத்துப்போனது. அதை விட்டுவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்கு வந்து தாளைப் படித்துப் பார்த்தபோதுதான், அந்த முதல் பத்தி இல்லாமலே உரை ஒழுங்காக நின்றது தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பழமொழியை எழுதிய கையோடு அதை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பார்ப்பேன். மறைத்தும் உரை குறைவுபடவில்லை என்றால் அந்தப் பழமொழிக்கு அங்கே வேலை இல்லை.

பழமொழி சலிப்புத் தட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். என் அனுபவத்தில் சலிப்பு பழமொழியில் இருப்பதில்லை. அதை உரையோடு ஒட்டுகிற பசையில் இருக்கிறது. ‘என்ற பழமொழிக்கிணங்க’, ‘என்பது ஆன்றோர் வாக்கு, அதற்கேற்ப’, ‘என்ற கூற்றுக்கு இலக்கணமாகத் திகழ்பவர்’ என்னும் மூன்று தொடர்களைத்தான் சொல்கிறேன். இவற்றில் ஒன்று காதில் விழுந்ததும் அவை தளர்ந்துவிடும். முன்வரிசையில் இருப்பவர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார். பின்வரிசையில் கைப்பேசி வெளியே வரும். காரணம் எளிது. ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கிணங்க’ என்று தொடங்கினால், அடுத்து ஒருவரின் விடாமுயற்சியைப் பாராட்டப் போகிறார் என்பது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அந்த ஒருவர் யாராக இருந்தாலும் அந்த வாக்கியம் பொருந்தும் என்பதும் தெரிந்துவிடுகிறது. விருந்தினரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற பழமொழி, அவரை அறிமுகப்படுத்தவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத்தான் அறிமுகப்படுத்துகிறது.

இதில் நம் இலக்கணமே ஒரு தெளிவான குறிப்பைக் கொடுத்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல், முதுமொழியை ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்கிறது. எடுத்துக்கொண்ட பொருள் ஒன்று முன்னே இருக்க வேண்டும்; அதை முடித்துவைக்கக் காரணமாக வந்து நிற்பதுதான் முதுமொழியின் வேலை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறும் இப்படித்தான் நடக்கிறது. அதன் வெண்பாக்களில் பழமொழி பெரும்பாலும் கடைசி அடியிலேயே வந்து உட்காரும்.

‘ஆற்றவும் கற்றார் அறிவுடையார், அஃதுடையார்
நாற்றிசையும் செல்லாத நாடில்லை, அந்நாடு
வேற்றுநாடு ஆகா, தமவேயாம், ஆயினால்
ஆற்றுணா வேண்டுவது இல்.’

கற்றவர் போகாத நாடு இல்லை, போகும் நாடெல்லாம் அவருடையதே என்று மூன்று அடிகளில் செய்தியைக் கட்டி எழுப்பிவிட்டு, வழிநடைக்குக் கட்டுச்சோறு தேவையில்லை என்னும் பழமொழியை ஈற்றடியில் வைக்கிறார் முன்றுறை அரையனார். ஈற்றடியைத் தூக்கி முதலில் போட்டுப் பாருங்கள். ‘வழிக்குச் சோறு வேண்டாம்’ என்று ஒருவர் தொடங்கினால் எதற்கு வேண்டாம், யாருக்கு வேண்டாம் என்று ஒன்றும் விளங்காது. இதே பழமொழி செய்திக்குப் பின்னால் வரும்போது, மூன்றடிப் பொருளும் ஒரு கட்டுச்சோற்றுக்குள் அடங்கிவிடுகிறது. மேடையில் பழமொழியை முதலில் வைக்கும் வழக்கம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலிருந்து நம்மோடு வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். எப்படி வந்திருந்தாலும், பழமொழி இயல்பாக நிற்கிற இடம் அதுவன்று.

அப்படியானால் பழமொழியில் தொடங்கவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. என் முன் இருந்த முதல் வழி, பழமொழியை உள்ளபடியே சொல்லித் தொடங்குவது. இதற்கு ஆதரவாக ஒரு நல்ல காரணம் உண்டு. அதை அரங்குகளில் மட்டும் பேசிப் பழகியவர்கள் அறியமாட்டார்கள். எங்கள் பக்கத்துத் தெருமுனைக் கூட்டங்களில் சாமியானாவுக்கு வெளியே சாலை ஓடிக்கொண்டிருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இடமாக இருந்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். ஒன்று நகர்ந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் ஹாரன் அடிக்கும். கொருக்குப்பேட்டைப் பக்கமாக இருந்தால் ரயில். பேசுபவரின் முதல் வாக்கியம் பாதிப் பேருக்குக் கேட்காது. மைக் ஆப்பரேட்டர் அந்த வாக்கியத்தில்தான் ஒலியளவைச் சரிசெய்வார். நாற்காலி தேடுபவர்கள் அந்த நேரத்தில்தான் உட்காருவார்கள். இத்தகைய இடத்தில் முதல் வாக்கியத்தில் விருந்தினரைப் பற்றிய அரிய செய்தியை வைத்தால் அது காற்றில் போகும். எல்லோருக்கும் தெரிந்த பழமொழியாக இருந்தால், பாதி கேட்டவரும் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காமார் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். அப்படி அவர்கள் வாய்திறந்துவிட்டால் அவை கையில் வந்துவிட்டது என்று பொருள். ஆகவே இரைச்சலான திறந்தவெளிக் கூட்டத்துக்கு நேரடிப் பழமொழியை நான் குறைசொல்லமாட்டேன். அங்கே அதன் பொருள் வேலை செய்யவில்லை, அதன் பழக்கம் வேலை செய்கிறது. விளக்கவுரை மட்டும் கூடாது. பழமொழியைச் சொல்லி, அவை முடித்ததும், ‘என்பதற்கிணங்க’ இல்லாமல் நேராக விருந்தினரின் பெயருக்கு வந்துவிட வேண்டும்.

எங்கள் ஆண்டு விழா நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு இரைச்சல் இல்லை. நூறு பேருக்குள் இருப்பார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகளின் பெற்றோர். இங்கே நேரடி வழிக்கு என் தாளில் இருந்த பழமொழி, ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்.’ குத்துச்சண்டைக்காரருக்கு இதைவிடக் கைக்கெட்டிய பழமொழி கிடையாது என்பதே அதன் முதல் குறை. எனக்குத் தோன்றியது எனக்கு முன்னால் பேசுபவருக்கும் தோன்றும். இரண்டாவது குறை பெரியது. அந்தப் பயிற்சியாளரைப் பார்க்க நான் இரண்டு நாள் மாலையில் கொட்டகைக்குப் போயிருந்தேன். சொன்னதைக் கேட்காத பையனை அவர் அடித்துத் திருத்துவதில்லை. கயிற்றைக் கையில் கொடுத்து ஓரமாகத் தாண்டச் சொல்வார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரைப் பெற்றோர் முன்னிலையில் ‘அடி உதவும்’ என்று அறிமுகப்படுத்தினால், சிரிப்பு வரும்; கூடவே, அங்கே பிள்ளையை அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அது பதிலாகவும் போய்விடும். பழமொழி உண்மையா என்பது மட்டும் போதாது. விருந்தினர் தம் வாழ்க்கையில் அதற்கு நேர்மாறாக நடப்பவராக இருந்தால், அவர் மேடையில் உட்கார்ந்தபடி, தம்மைப் பற்றிய ஒரு தவறான செய்தியை மறுக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி இப்போது மேடைகளில் மிகவும் பெருகிவிட்டது. ‘இந்தப் பழமொழியின் உண்மையான பொருள் உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்குவது. ‘அடி’ என்றால் உதை அல்ல, இறைவன் திருவடி என்பார்கள். மண் குதிரை அல்ல, ஆற்றுமணலால் ஆன மண் குதிர் என்பார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அல்ல, ஆயிரம் வேரைக் கொண்டவன்தான் அரை வைத்தியன் என்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இவை அவையை நிமிர்த்தின. இப்போது வாட்ஸாப்பில் ஒவ்வொருவரும் நான்கு முறை படித்திருப்பதால், நேரடிப் பழமொழியைவிட இதுவே அதிகமாகச் சலித்துவிட்டது. இத்தகைய விளக்கங்களில் பல, பழைய சான்று எதுவும் காட்டாமல் ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பி நிற்பவை. அவையில் ஒரு தமிழாசிரியர் இருந்தால் அவர் முகத்தில் அது தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. இந்தத் தொடக்கத்தில் புத்திசாலியாகத் தெரிபவர் அறிமுகம் செய்பவரே. விருந்தினருக்காக ஒதுக்கிய இரண்டரை நிமிடத்தில் ஒரு நிமிடத்தைச் சொல்லாராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு, ‘அத்தகைய…’ என்று விருந்தினர் பக்கம் திரும்பும்போது, ஆராய்ச்சிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அவைக்கு விளங்காது. இந்த வழியை நான் தாளில் எழுதிப் பார்க்கக்கூட இல்லை.

பெண் விருந்தினர்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது வழி ஆபத்தாகவே முடியும். ‘பெண் புத்தி பின் புத்தி’ என்று சொல்லிவிட்டு, ‘பின்னால் வருவதை முன்பே அறியும் புத்தி’ என்று பெருமையாக விளக்கும் உரையை நானே இருமுறை கேட்டிருக்கிறேன். அவையின் காதில் முதலில் விழுவது இழிவு. விளக்கம் அதன் பின்னால் ஓடிவந்து மூச்சு வாங்குகிறது. மேடையில் இருக்கும் அம்மையார் இரண்டுக்கும் சேர்த்துப் புன்னகை செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி, பழமொழியை எதிரே நிறுத்துவது. அதாவது, விருந்தினரின் வாழ்க்கையிலோ வேலையிலோ உள்ள ஓர் உண்மை எந்தப் பழமொழியை மறுக்கிறது என்று தேடி, அதைக் கொண்டு தொடங்குவது. பொருந்துகிற பழமொழியைத் தேடுவதைவிட இது கடினம். பொருந்துவதைத் தேட விருந்தினரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மறுப்பதைத் தேட அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தே ஆக வேண்டும். கொட்டகையில் நான் பார்த்தது இதுதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கையுறை கொடுப்பதில்லை. சிமென்ட் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இடது காலை முன்னும் வலது காலைப் பின்னும் வைத்து நிற்கச் சொல்கிறார். பிறகு அந்த நிலை குலையாமல் முன்னே போவது, பின்னே வருவது, பக்கவாட்டில் விலகுவது. கால்கள் ஒன்றையொன்று தாண்டிப் பின்னிக்கொள்ளக் கூடாது. இடைவெளி குறைந்தால் உடனே ‘அகலம்’ என்று குரல் கொடுக்கிறார். முன்னேறக் கற்பதைவிடப் பின்வாங்கக் கற்பதற்கே அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். அடி வாங்குகிறவன் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கிறவன் என்பது அவர் கணக்கு.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து நின்ற பழமொழி, ‘முன் வைத்த காலைப் பின் வைக்காதே.’ வீரத்துக்கு எடுத்துக்காட்டாக ஆயிரம் மேடைகளில் சொல்லப்பட்டது. அதுவும் ஒரு குத்துச்சண்டைக்காரருக்குச் சொன்னால் யாரும் தடை சொல்லமாட்டார்கள். ஆனால் இவர் செய்வது அதற்கு நேர் எதிர். இந்த எதிர்நிலைதான் அவையைக் காது கொடுக்க வைக்கும். பழமொழி தெரிந்தவர்கள் அது போகும் திசையையும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வண்டி அந்தத் திருப்பத்தில் திரும்பாமல் நேரே போனால் உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழமொழியை மறுப்பது உண்மையான செய்தியாக இருக்க வேண்டும். வேடிக்கைக்காகத் திருப்பிப்போட்டு, ‘பழமொழி பொய், நம் விருந்தினரே மெய்’ என்று முடித்தால், அது பழைய புகழ்ச்சியின் வேறு சட்டை. மறுப்புக்குப் பின் வரும் வாக்கியத்தில் ஒரு தரை, ஒரு கோடு, ஒரு கால் இருக்க வேண்டும்.

நான்காவது வழி, தொல்காப்பியர் காட்டிய இடத்திலேயே பழமொழியை வைப்பது: செய்தியில் தொடங்கி, பழமொழியால் முடிப்பது. இதற்கும் என்னிடம் ஒன்று இருந்தது. அம்மி நகரும் பழமொழிக்கு மக்கள் வழக்கில் இரண்டு வடிவங்கள் உண்டு. சிலர் ‘அடிமேல் அடி வைத்தால்’ என்பார்கள். சிலர் ‘அடிமேல் அடி அடித்தால்’ என்பார்கள். முதலாவதில் அடி என்பது காலடி. இரண்டாவதில் அடி என்பது வீச்சு. குத்துச்சண்டைக் கொட்டகையில் இந்த இரண்டு அடிகளும் வரிசையாக வருகின்றன. காலடி பழகிய பிறகே கையடி. எந்தச் சொல்லையும் முறுக்காமல், புதுப்பொருள் கற்பிக்காமல், வழக்கில் இருக்கும் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துச் சொன்னாலே போதும். என் தாளில் கடைசி வாக்கியம் இவ்வாறு இருந்தது: ‘அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரும் என்று நாம் சொல்கிறோம், அடிமேல் அடி வைத்தால்தான் நகரும் என்று இவர் சொல்லிக்கொடுக்கிறார்.’ முதலில் வைத்திருந்தால் இது வெறும் சொல்விளையாட்டு. சுண்ணக்கட்டிக் கோட்டையும் கையுறை இல்லாத நாள்களையும் கேட்ட பிறகு வந்தால், ‘வைத்தால்’ என்னும் சொல்லின் எடை அவைக்குத் தானே தெரியும்.

இந்த இரண்டு பழமொழிகளையும் சேர்த்துவிடலாம் என்ற ஆசை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன் வைத்த காலில் தொடங்கி அடிமேல் அடியில் முடித்தால் உரை வளையம்போல் அழகாக இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டு பழமொழிகளுக்கு நடுவில் விருந்தினர் மெலிந்துபோனார். கேட்பவர் கவனம் அவர் காலிலிருந்து என் நாக்குக்கு மாறியது. இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பழமொழிதான் தாங்கும்.

ஐந்தாவது வழி, பழமொழியே இல்லாமல் விடுவது. இதை வேறு வழி கிடைக்காதபோது செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள்; நான் இதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவை இதைவிட மேலா என்று பார்ப்பேன். ‘இவர் கொட்டகையில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது கையுறை அல்ல, ஒரு சுண்ணக்கட்டிக் கோடு’ என்று தொடங்கினால் அதற்கு எந்தத் துணையும் தேவையில்லை. இப்படி ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் பழமொழியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சில அவைகளில் பழமொழியைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்பேன். கடற்கரையோரக் குடியிருப்பு ஒன்றில் நடந்த மாணவர் பாராட்டு விழாவில், தன்னம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வந்த ஒருவர், ‘கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே’ என்று விருந்தினர் அறிமுகத்தைத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் படகுக்காரர் வீட்டுப் பெண்கள். மற்ற ஊர்களில் கப்பல் கவிழ்வது ஓர் உவமை. அங்கே அது, கடலுக்குப் போனவர் திரும்பிவரும் வரை யாரும் வாயால் சொல்லாத ஒன்று. யாரும் எழுந்துபோகவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை. கைதட்டல் மட்டும் அந்த உரை முழுவதற்கும் வரவில்லை. இதைப் போலவே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் முன்னிலையில் ‘சிறுதுளி பெருவெள்ளம்’ சொல்லி நன்கொடையாளரை அறிமுகப்படுத்தினால், வெள்ளம் என்னும் சொல் சேமிப்பை நினைவூட்டாது. பழமொழிகளில் வரும் வெள்ளம், தீ, கப்பல், பஞ்சம் எல்லாம் யாரோ ஒருவருக்கு நடந்தவை. அவையில் இருப்பவருக்கே நடந்திருக்கலாம் என்று தோன்றினால் விட்டுவிடுவது நல்லது. தொழிலையோ சாதியையோ உடற்குறையையோ தொட்டு வரும் பழமொழிகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பழைய தொகுப்புகளில் அவை ஏராளம், மேடைக்கு ஒன்றும் ஆகாது. நினைவேந்தல் கூட்டத்தில் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போதும், விருந்தினருக்குத் தமிழ் தெரியாது என்னும்போதும் நேரே தொடங்குவதே முறை. தம்மைப் பற்றிய பழமொழியைப் பக்கத்தில் இருப்பவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, புரியாமல் சிரிக்கும் அதிகாரிகளைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னும் ஒரு வகையையும் சொல்ல வேண்டும். பொருள் தெரியாமல் பாராட்டாக எடுத்துவிடும் பழமொழிகள். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று ஒருவரை மனமார வாழ்த்தியதை நான் கேட்டிருக்கிறேன். வேறு நல்லது கிடைக்காததால் நீங்கள் என்று மேடையிலேயே சொன்னதாயிற்று. ஒரு பழமொழியை அவையில் சொல்லுமுன், வீட்டில் பெரியவர் ஒருவரிடம் ‘இதை யாரைப் பார்த்துச் சொல்வார்கள்?’ என்று கேட்டுவிடுவது பாதுகாப்பு. ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் அகராதிப் பொருள்தான் வரும். யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்றால்தான் அதன் கேலியும் கசப்பும் வெளியே வரும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து, எங்கள் மாடி அறைக்கு நான் மூன்றாவது வழியைத் தேர்ந்தேன். நான்காவது வழிதான் இலக்கணத்துக்கும் என் மனத்துக்கும் நெருக்கமானது. ஆயினும் அதற்கு இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்கும் அவை வேண்டும். பெற்றோர் மடியில் குழந்தைகள் இருந்தார்கள், மணி எட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வழியில், இரண்டாவது வாக்கியத்திலேயே விருந்தினர் வந்துவிடுகிறார். எனக்கு முன் பேசியவர்கள் அந்தப் பழமொழியைத் தொட்டுவிட்டால் சுண்ணக்கட்டிக் கோட்டிலிருந்து தொடங்குவதென்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். தொடவில்லை. தலைவர், நான் நினைத்தபடியே, ‘அடி உதவுவதுபோல்’ என்பதைச் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

நான் பேசிய முதல் பகுதி இது: ‘முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். இவருடைய கொட்டகைக்குப் போனால், முன் வைத்த காலைப் பின்னால் எடுத்து வைக்கத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார். சிமென்ட் தரையில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. கோட்டின் மேல் பத்து வயதுப் பையன். கையில் கையுறை கிடையாது. பின்னால் போ, நில், அகலம், மறுபடி பின்னால் போ. நம் தெருவிலிருந்து அங்கே போகிற பிள்ளைகளின் செருப்பு எப்படித் தேய்கிறது என்று பாருங்கள்.’ இதைத் தொடர்ந்து அவர் பெயர், அவர் வேலை பார்த்த இடம், எத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கிறார் என்பவை. செருப்பைப் பற்றிய வாக்கியத்தில் தாய்மார் சிலர் தலையாட்டினார்கள். உரை இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது.

பயிற்சியாளர் எழுந்து மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். ‘தம்பி நல்லாத்தான் சொன்னாரு. ஒண்ணு மட்டும் தப்பு. பின்னால போவும்போது முன்னால இருக்கிற கால மொதல்ல எடுக்கக் கூடாது. எடுத்தா ரெண்டு காலும் ஒண்ணாச் சேந்துடும், ஒரு தட்டுல வுழுந்துடுவ. பின்கால்தான் மொதல்ல போவணும், முன்கால் அது கூடப் போவும்’ என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேடைக் கம்பளத்தின் மேலேயே செய்து காட்டினார். பின்வரிசையில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்கள்.